கட்டளைக் கலித்துறையில் கணக்கும் ஓசையும்

தமிழ் யாப்பில் எழுத்தை எண்ணிச் சரிபார்க்கும் வடிவம் என்றதும் நினைவுக்கு வருவது கட்டளைக் கலித்துறை. அடிக்கு ஐந்து சீர், நான்கு அடி. அடியின் ஐந்து சீருக்குள் வெண்டளை பிறழக் கூடாது. ஒவ்வோர் அடியின் ஐந்தாம் சீரும் விளங்காயாக இருக்க வேண்டும். செய்யுள் ஏகாரத்தில் முடிய வேண்டும். ஒற்றுகளைத் தள்ளி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்து. நான்கு அடியும் நேரில் தொடங்கும், அல்லது நான்கும் நிரையில் தொடங்கும். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களும் இந்த வடிவம்தான். நம்மாழ்வாரின் திருவிருத்தமும், அபிராமி பட்டரின் அந்தாதியும் அப்படியே. அமிதசாகரர் யாப்பிலக்கணம் சொல்ல எடுத்துக்கொண்டதும் இதையே. அந்த நூலைக் காரிகை என்றே அழைக்கிறோம்.

இவ்வளவு கட்டுக்குள் நின்றும் அந்தாதியின் பாடல் ஒன்றைப் போல இன்னொன்று ஒலிப்பதில்லை. அதே கட்டளையைப் பிசகாமல் பின்பற்றி இன்று எழுதப்படும் பல செய்யுள்களோ, இரண்டாம் அடிக்குள்ளேயே தாளம் தட்டுவது போல் ஆகிவிடுகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, 16, 17 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எழுத்தெண்ணும் வழக்கம் பழையது. தொல்காப்பியம் அடிகளை எழுத்தால் பிரிக்கிறது: 4 முதல் 6 வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை அளவடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி. பின்வந்த இலக்கணங்கள் இதை விட்டுச் சீரை எண்ணின. ஐந்து சீர் கொண்டது நெடிலடி ஆயிற்று. கட்டளைக் கலித்துறையின் அடி இரண்டு கணக்கிலும் நெடிலடியாகவே நிற்கிறது.

இனி அந்த எண்கள். நேரசை ஒற்று நீங்க ஓரெழுத்து, நிரையசை ஈரெழுத்து. வெண்டளையில் மாச்சீரை அடுத்து நிரை வரும். விளத்தையும் காயையும் அடுத்து நேர் வரும். ஒரு சீரின் முதலசையைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணிப் பாருங்கள். மாச்சீரில் மீதி ஓரெழுத்து. ஆனால் அடுத்த சீர் நிரையில் தொடங்குவதால் அங்கே ஓரெழுத்து கூடுகிறது. விளச்சீரில் மீதி இரண்டு. அடுத்த சீரில் கூடுவதில்லை. மாங்காயிலும் அப்படியே. ஆக இந்த மூன்றில் எதைப் போட்டாலும் அடியின் மொத்தம் மாறாது: ஒரு சீரில் குறைவதை அடுத்த சீர் ஈடுகட்டிவிடுகிறது. விளங்காய் மட்டும் விலக்கு. அதில் மீதி மூன்றெழுத்து. அடுத்து வருவதோ நேர். அது வந்த இடத்தில் ஓரெழுத்து மிகும். எனவே முதல் நான்கு சீரில் விளங்காய் வராமல், தளை தட்டாமல், ஐந்தாம் சீரில் மட்டும் விளங்காய் வந்தால் அடி தானாகவே 16 அல்லது 17-இல் நிற்கும்.

அதாவது எழுத்தெண்ணிக்கை ஓசையை உண்டாக்குவதில்லை. ஓசையை உண்டாக்குவது தளையும், விளங்காய் நிற்கும் இடமும். எண்ணிக்கை, அவை சரியாக அமைந்தனவா என்று பின்னால் பார்த்துக்கொள்ளும் சோதனை. எழுதும்போதே விரல்விட்டு எண்ணி 16-ஐ நிரப்ப முயல்பவருக்கு அடி விறைத்துப்போவது இந்த வரிசை தலைகீழாவதால்தான் என்று நினைக்கிறேன்.

சோதனையாக அது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் அடி. நான்காம் அடியாக வைத்துக்கொள்வோம், ஏகாரம் வேண்டுமென்பதால்:

ஏரிக் கரையருகே நின்றதும் மீன்கள் எழுந்தனவே

தளை எங்கும் தட்டவில்லை. 'ஏரிக்' தேமா, அடுத்து நிரை. 'கரையருகே' காய்ச்சீர், அடுத்து நேர். ஆனால் எண்ணினால் 17 வருகிறது. நேரில் தொடங்கும் அடியில் 16 அல்லவா வர வேண்டும்? 'கரையருகே' கருவிளங்காய் என்பதே காரணம். வாய்விட்டுப் படித்தால் காதுக்கும் இது தெரியும். இந்த யாப்பில் விளங்காய் அடி முடிந்தது என்பதற்கான அடையாளம். அது இரண்டாம் சீரிலேயே கேட்டுவிட்டால் அடி அங்கேயே இறங்கி, மறுபடி ஏறுகிறது. 'கரையோரம்' என்று மாற்றினால் புளிமாங்காய். எழுத்து 16, இறக்கமும் போய்விடும்.

இனி கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் அடி கெடும் வகை:

ஏரியின் நீரினில் கூட்டமாய் மீனினம் எம்பிடுமே

16 எழுத்து. ஏ, எ என்று ஒன்றாம் சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை. ஒரு பிழையும் இல்லை. ஆனால் உயிரும் இல்லை. நான்கு சீரும் கூவிளம், ஐந்தாவது கூவிளங்காய். ஒவ்வொரு சீரும் ஒரு முழுச்சொல்லாக முடிந்து நிற்கிறது. 'நீரினில்' என்பதில் இன்சாரியை சீரை நிரப்ப வந்தது, 'எம்பிடுமே' என்பதில் 'இடு' அசையை நிரப்ப வந்தது. பேசும்போது யாரும் 'எம்பிடும்' என்பதில்லை. இப்படி நிரப்பிச் சொற்கள் வரும் இடங்களை அடிக்கோடிட்டுப் பார்த்தால், பொருள் முடிந்த பிறகும் கணக்கு முடியாத இடங்கள் அவை என்பது புலப்படும்.

திருத்திய அடியை இதன் பக்கத்தில் வைக்கலாம்:

ஏரிக் கரையோரம் நின்றதும் மீன்கள் எழுந்தனவே

தேமா, புளிமாங்காய், கூவிளம், தேமா, கருவிளங்காய். சீருக்கு எழுத்து 2, 4, 3, 2, 5. முந்தைய அடியில் 3, 3, 3, 3, 4. இரண்டின் மொத்தமும் 16-தான், பங்கீடுதான் வேறு. முதல் சீர் குறுகி, இரண்டாவது நீண்டு, மூன்றாம் சீரோடு ஒரு தொடர் முடிந்து மூச்சு நிற்கிறது. பிறகு மீன் எழுகிறது. அந்த நிறுத்தத்தையும் இடம் மாற்றலாம்:

மீன்கள் எழுந்தன ஏரிக் கரையில் விடிந்ததுவே

இங்கே இரண்டாம் சீரோடு ஒரு வாக்கியமே முடிந்துவிடுகிறது. சீருக்கு 2, 4, 2, 3, 5 எழுத்து. மகரத்துக்கு வகரம் இனமாதலால் மீ, வி மோனை ஆகிறது. முதல் நான்கு சீரில் ஒவ்வொன்றுக்கும் மா, விளம், மாங்காய் என்று மூன்று வழி இருப்பதால், ஓர் அடியை அமைக்க 81 வகை உண்டு. நேரில் தொடங்கினாலும் நிரையில் தொடங்கினாலும் 81 தான். நல்ல பாடல்களை அலகிட்டுப் பார்த்தால் நான்கு அடிகளும் பெரும்பாலும் நான்கு வேறு வகையில் இருக்கும். பயிற்சி இல்லாதவர் முதல் அடிக்குக் கிடைத்த சீர் வரிசையையே மற்ற மூன்றுக்கும் அச்சாக்கிக்கொள்கிறார்.

ஆங்கில யாப்பும் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. அங்கே செல்வாக்கான அடி பத்து அசையும் ஐந்து அழுத்தமும் கொண்டது. அழுத்தமில்லாததும் அழுத்தமுள்ளதுமாக மாறி மாறி வரும். ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது சொல்லோடு பிறந்தது; இடம் மாறினால் சில சொற்களுக்குப் பொருளே மாறும். ஐந்து அழுத்தமும் ஒரே பலத்தில் விழுந்தால் அடி சம்மட்டி அடிப்பது போலாகும். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1900-இல் எழுதிய கட்டுரையில் ஒரு தெளிவைத் தந்தார்: ஓர் அசை முழு பலத்தோடு ஒலிக்க வேண்டியதில்லை, பக்கத்து அசையைவிடச் சற்று எடுத்து ஒலித்தாலே யாப்புக்குப் போதும். ஆகவே ஐந்து என்ற எண்ணிக்கை நிற்க, அந்த ஐந்தும் ஐந்து அளவில் ஒலிக்கலாம். கோலரிட்ஜ் மறுபக்கத்தைத் தளர்த்தினார். 1816-இல் வெளியான கிறிஸ்டபெல் முன்னுரையில், அசை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை கூடிக் குறைந்தாலும் அடிக்கு அழுத்தம் நான்குதான் என்று சொல்லிவிட்டார்.

தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. எனவே நம் யாப்பிலக்கணம் அதை எண்ணவில்லை. ஆனால் அடியில் எடுப்பான இடங்கள் இல்லாமலில்லை. சொல்லின் தொடக்கம் இயல்பாகவே சற்று எடுத்து ஒலிக்கிறது. அடியின் தலையில் எதுகையும், ஒன்றாம் ஐந்தாம் சீர்களின் தலையில் மோனையும் அந்த இடங்களைக் காதுக்குக் காட்டுகின்றன. ஐந்து சீரிலும் மோனை வைப்பதை முற்று மோனை என்று பாராட்டுவது வழக்கம். தொடர்ந்து வைத்தால் ஐந்து தலையும் ஒரே பலத்தில் எழுந்து, ஆங்கிலத்தின் அந்தச் சம்மட்டி ஓசை இங்கும் வந்துவிடும். இடையில் இரண்டு மூன்று சீர்கள் மோனையின்றித் தணிந்து போவதுதான் கலித்துறைக்கு அழகு.

யாப்பு எண்ணாத இன்னொன்று மாத்திரை. 'பொன்னி' என்பதும் தேமா, 'காலால்' என்பதும் தேமா. இரண்டிலும் ஒற்று நீங்க ஈரெழுத்து. ஆனால் முன்னதற்கு இரண்டரை மாத்திரை, பின்னதற்கு நாலரை. நெடில்கள் நெருங்கி வந்த 16 எழுத்து மெல்ல நடக்கும். குறிலும் ஒற்றுமாய் வந்த 16 எழுத்து ஓடும். கட்டளைக் கலித்துறை இவ்வளவு கட்டுக்குப் பிறகும் மூச்சுவிட முடிவது இந்த விட்டுக்கொடுப்பால்தான். கணக்கு சரியாக இருந்தும் அடி தடதடக்கிறது என்றால், சீரை மாற்றுவதற்கு முன் ஒரு நெடிலை உள்ளே கொண்டுவந்து பார்க்கலாம்.

சொல்லும் சீரும் எப்போதும் ஒன்றாகவே முடிந்தால் அடி துண்டு துண்டாகும் என்றேன். அதற்காகச் சொல்லை எங்கும் வெட்டலாம் என்பதில்லை. 'மழைபெய்திருந்த' என்பதைச் சீராக்கினால் 'மழைபெய் திருந்த' என்று நிற்கும். தளை சரி, ஆனால் கேட்பவர் காதில் 'திருந்த' என்ற வேறொரு சொல் விழுகிறது. வகையுளி பொருளைக் கெடுக்கும் இடம் இதுதான். எழுதியவருக்கு இது தெரியாது, ஏனெனில் அவர் மனத்தில் முழுச்சொல் இருக்கிறது. செய்யுளை முன்பே பார்க்காத ஒருவரைச் சீர் பிரித்த படியே படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் இதற்குச் சோதனை. அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே வெட்டு தவறு. சீரின் எல்லையில் தயங்காமல், பொருளின் எல்லையில் மட்டும் நின்று படித்துப் போனால் அடி அமைந்துவிட்டது.

எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதே ஒரு யாப்பின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அருணகிரிநாதரைவிடச் சிறந்த சான்று இல்லை. கந்தரலங்காரத்தில் அவர் கட்டளைக் கலித்துறை பாடினார். அங்கே குறிலும் நெடிலும் அவர் விருப்பம். திருப்புகழில் சந்தத்துக்கு வந்தபோது குறில், நெடில், ஒற்று என்று எல்லாமே வாய்பாட்டில் கட்டுண்டன. முதல் அடியில் வல்லொற்று வந்த இடத்தில் அடுத்த அடியிலும் வல்லொற்று வர வேண்டும். அங்கே அடிக்கு அடி ஓசையை மாற்ற இடமில்லை. அதனால் மாற்றத்தை அவர் பாடலுக்குப் பாடல் வைத்தார்: ஒன்றில் எடுத்த சந்தத்தை விட்டு அடுத்ததில் வேறொன்று.