சிங்கங்களின் செருக்கு, காக்கைகளின் கொலை

பள்ளிகளில் நடக்கும் ஆங்கிலப் பொது அறிவுப் போட்டிகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். சிங்கக் கூட்டத்துக்கு என்ன பெயர்? காக்கைக் கூட்டத்துக்கு என்ன பெயர்? ‘ப்ரைட்’, ‘மர்டர்’ என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். செருக்கு, கொலை என்று பொருள். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆனால் இரண்டும் ஒரே தட்டில் வைக்க வேண்டிய சொற்கள் இல்லை. முதல் சொல்லைத் தவிர்த்துவிட்டுச் சிங்கங்களின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆய்வாளர் எழுதுவது கடினம். இரண்டாவது சொல்லைக் காக்கை ஆய்வாளர்கள் தலைப்பில் வேடிக்கைக்காகப் போடுவார்கள். கட்டுரைக்குள் வந்ததும் ‘ஃப்ளாக்’ என்ற சாதாரணச் சொல்லுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் இப்படி நூற்றுக்கணக்கான குழுப்பெயர்கள் பட்டியல்களில் உலவுகின்றன. அவற்றில் எவை வேலைக்கு உதவுபவை, எவை விளையாட்டு என்று பிரிக்க என்னிடம் ஒரு சோதனை உண்டு. அந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் மொழியிலேயே இதைச் சோதிக்கலாம். சுவரோரம் வரிசையாகப் போகும் எறும்புகள் சாரை. அதே எறும்புகள் வெல்லக்கட்டியின் மேல் அப்பிக்கிடந்தால் அது சாரை ஆகாது, மொய்க்கின்றன என்போம். மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் ஆடுகள் மந்தை. இரவில் எருவுக்காக ஒருவர் வயலில் மறித்துப் போட்டால் அதே ஆடுகள் கிடை. மாற்றிச் சொன்னால் ஆடு மேய்ப்பவர் திருத்துவார். திருத்த ஆள் இருக்கிறார் என்றால் அது வேலைச்சொல். வாலுப்பிள்ளைகளின் கூட்டத்தை ‘வானரப் படை’ என்கிறோம். ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும், ஓடினாலும் உட்கார்ந்தாலும், யாரும் திருத்தப் போவதில்லை. அது விளையாட்டுச் சொல்.

ஆங்கிலப் பட்டியலின் மூலம் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அச்சுக்கு முன்பே கையெழுத்துப் படிகளில் இத்தகைய பட்டியல்கள் இருந்தாலும், பெரும்பாலோர் கைகாட்டுவது இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் 1486இல் அச்சான நூலைத்தான். ‘செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வல்லூறு வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னங்கள் ஆகியவற்றைப் பற்றி உயர்குடி இளைஞர்கள் அறிய வேண்டியதைச் சொல்லும் நூல். இடையில், விலங்கு பறவைக் கூட்டங்களின் பெயர்கள் என்ற தலைப்பில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தொடர்கள் வரிசையாக வருகின்றன. வேட்டைக்களத்தில் சரியான சொல் தெரிந்திருப்பது குலத்தின் அடையாளம். மான் கூட்டத்துக்கு ஒரு சொல், காட்டுப்பன்றிக்கு வேறொன்று, கௌதாரிக்கு மற்றொன்று. தவறாகச் சொன்னவன் சபையில் சிரிப்புக்கு ஆளாவான். 1906இல் ஆர்தர் கானன் டாயில் எழுதிய ‘சர் நைஜல்’ நாவலில் முதிய வீரர் ஒருவர் இளைஞனை இந்தச் சொற்களில் பரீட்சை வைக்கும் காட்சி வருகிறது. ஹோம்ஸ் கதைகளால் அறியப்பட்டவர் இந்தப் பழைய பட்டியலையும் பொதுவாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பட்டியலைப் படிக்கும்போதே சந்தேகம் வரும். மான்களுக்கும் கௌதாரிகளுக்கும் நடுவே மனிதர்களும் வருகிறார்கள். நீதிபதிகளின் தீர்ப்பு, வழக்கறிஞர்களின் நாவன்மை, செருப்புத் தைப்பவர்களின் குடிமயக்கம், மனைவியரின் பொறுமையின்மை, கன்னியாஸ்திரிகளின் மிகை, துறவிகளின் அருவருப்பான காட்சி. இவற்றை யாரும் வேட்டைக்களத்தில் கூவியிருக்க முடியாது. அந்தக் காலத்தில் மடங்கள் மீதும் தொழில்கள் மீதும் மக்களிடம் புழங்கிய கேலிதான் குழுப்பெயர் வேடம் போட்டு வந்திருக்கிறது. இந்த நூலை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத் தலைவி என்று மரபு சொல்கிறது. உறுதியான ஆதாரம் கிடையாது. மரபு உண்மையானால், கன்னியர் கூட்டத்துக்கு ‘மிகை’ என்று பெயர் வைத்த அந்த அம்மையாருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அதாவது, வேலைச்சொல்லும் விளையாட்டும் பின்னாளில் யாரோ கலந்தவை இல்லை. அச்சேறிய நாளிலேயே கலந்துதான் இருந்தன. இதை முறையாக ஆராய்ந்தவர் ஜான் ஹாட்ஜ்கின். 1909இல் வெளியான தம் ஆய்வில், இந்தத் தொடர்களில் பல குழுப்பெயர்களே அல்ல என்று அவர் வாதிட்டார். ஒரு விலங்கின் செயலையோ குணத்தையோ இருப்பையோ சொல்ல வழங்கிய ‘சரியான சொற்கள்’ அவை. ஒரே பட்டியலில் அடுக்கியதால் பிற்காலத்தார் எல்லாவற்றையும் கூட்டத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் கட்சி.

நாரையை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் நாரைகளுக்கு ‘ஸீஜ்’ என்று இருக்கிறது. இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் கோட்டை முற்றுகை நினைவுக்கு வரும். வல்லூறு வைத்து வேட்டையாடியவர்களுக்கோ, நாரை மீனுக்காக அசையாமல் நிற்கும் இடமும் நிலையும்தான் ஸீஜ். அந்த நிலைக்கு ஒற்றை நாரை போதும். ஓடுமீன் ஓட உறுமீனுக்குக் காத்திருக்கும் பறவையின் நிலை அது. பட்டியலில் ஏறியதும் அது நாரைக் கூட்டமாகிவிட்டது. நரிக்குச் சொன்ன ‘ஸ்கல்க்’ அதாவது பதுங்கல், அகழெலிக்குச் சொன்ன ‘லேபர்’ அதாவது உழைப்பு ஆகியவையும் செயல்களாகவே தோன்றுகின்றன. நரி பெரிய கூட்டமாக வாழும் விலங்கும் இல்லை.

படியெடுப்பவர்களின் கைப்பிழையும் தன் பங்குக்குச் சேர்ந்தது. முயல் வேட்டைக்கு வளர்த்த ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணிக்குப் பழைய சொல் ‘பிஸினெஸ்’. பரபரப்பு என்று பொருள். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் அதன் முதலெழுத்து மாறிப்போய், அடுத்தடுத்துப் பிரதியெடுத்ததில் வால் பகுதியும் மாறி, கடைசியில் ‘ஃபீமிங்’ என்று ஒன்று பிறந்தது. எந்தப் பொருளும் இல்லாத சொல். எந்த வேட்டைக்காரரும் அதைச் சொன்னதில்லை. இருந்தாலும் பட்டியலுக்குப் பட்டியல் தாவி உயிரோடு இருந்தது. ஒரு வேலைச்சொல்லுக்கு இந்த விபத்து நேர்ந்தால் புழங்குகிறவர்களே சரிசெய்துவிடுவார்கள். பட்டியலில் மட்டும் வாழும் சொல்லுக்கு அந்தக் காவல் கிடையாது.

இனி சிங்கத்துக்கு வருவோம். செருக்கு என்ற பெயரும் 1486 பட்டியலில் இருப்பதுதான். அன்றைய ஆங்கில வேட்டைக்காரர் சிங்கத்தைக் கொடிகளிலும் கேடயங்களிலும்தான் அதிகம் பார்த்திருப்பார். எனவே பிறக்கும்போது அது சந்தேகமில்லாமல் விளையாட்டுச் சொல். நெடுங்காலம் தூங்கிக்கிடந்து இருபதாம் நூற்றாண்டில் விழித்துக்கொண்டது. 1972இல் செரங்கெட்டி சிங்கங்களைப் பற்றி ஜார்ஜ் ஷாலர் எழுதிய பெரும் ஆய்வு நூல் வந்த காலத்தில் அது கறாரான அறிவியல் சொல்லாகியிருந்தது. ஒன்றுக்கொன்று உறவான பெண் சிங்கங்கள், அவற்றின் குட்டிகள், அவற்றோடு சேர்ந்திருக்கும் ஆண்கள், இவை சேர்ந்தது ஒரு ப்ரைட். பத்துச் சிங்கங்கள் ஒரே இடத்தில் நின்றால் மட்டும் அது ப்ரைட் ஆகிவிடாது. மறுபுறம், ஒரு ப்ரைட்டின் உறுப்பினர்கள் பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டாகப் பிரிந்தே திரிவார்கள். அப்படித் திரியும்போதும் அவர்கள் ஒரே ப்ரைட்தான். ப்ரைட்டைக் கைப்பற்றக் கூடும் ஆண்களின் அணிக்கு ‘கோயலிஷன்’ என்று தனிப்பெயர் உண்டு. அரசியல் கூட்டணிக்கு வழங்கும் அதே சொல். இங்கே பெயர் தவறானால் ஆய்வே தவறாகும்.

ஸ்டார்லிங் என்ற பறவையின் கதையும் இதேதான். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டியலில் இதற்கு ‘மர்மரேஷன்’, முணுமுணுப்பு. கூட்டமாகக் கத்தும் ஓசையிலிருந்து வந்த பெயர். இன்று அந்தச் சொல் சுருங்கிக் கூர்மையாகியிருக்கிறது. குளிர்கால மாலைகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் அடையும் இடத்துக்கு மேலே புகைபோல் சுழன்று நெளிந்து பறப்பதைத்தான் பெரும்பாலும் அது குறிக்கிறது. புல்வெளியில் புழு பொறுக்கும் அதே பறவைகள் வெறும் ஃப்ளாக். ரோம் நகரில் இந்தச் சுழற்சியைப் படம்பிடித்து ஆராய்ந்த இயற்பியலாளர்கள், ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்று 2008இல் எழுதினார்கள்.

வேலைச்சொற்களின் பட்டியலை இப்போது நம்பிக்கையோடு சொல்லலாம். மாடு, யானை, மான் போன்ற மேயும் விலங்குகளுக்கு ‘ஹெர்ட்’. ஆட்டுக்கும் பறவைக்கும் ‘ஃப்ளாக்’. ஓநாய்க்கும் வேட்டைநாய்க்கும் ‘பேக்’. குரங்குக்கு ‘ட்ரூப்’. ஓர்க்கா, டால்ஃபின் ஆகியவற்றுக்கு ‘பாட்’. தேனீக்களில் இருப்பிடத்தில் வாழ்வது ‘காலனி’. புதிய இடம் தேடி ராணியோடு கிளம்பிப் பறப்பது ‘ஸ்வார்ம்’. ஒரே ஈற்றுக் குட்டிகள் ‘லிட்டர்’, குஞ்சுகள் ‘ப்ரூட்’. வாத்தினத்து ‘கீஸ்’ தரையில் இருந்தால் ‘காகிள்’, வரிசைகட்டிப் பறந்தால் ‘ஸ்கெய்ன்’. மீன்களிலும் நுட்பம் உண்டு. சும்மா சேர்ந்து திரிந்தால் ‘ஷோல்’. ஒரே திசையில் ஒரே வேகத்தில் அணிவகுத்து நீந்தினால் ‘ஸ்கூல்’. மீனியல் படித்தவர் இரண்டையும் குழப்பமாட்டார். மனிதர்களில் நீதிபதிகளுக்கு ‘பெஞ்ச்’, கப்பலோட்டிகளுக்கு ‘க்ரூ’, நடிகர்களுக்கு ‘ட்ரூப்’, இயக்குநர்களுக்கு ‘போர்டு’. பழைய பட்டியல் நீதிபதிகளுக்குக் கொடுத்த ‘தீர்ப்பு’ தோற்றது. அவர்கள் உட்கார்ந்த பலகை வென்றது.

விளையாட்டுப் பக்கத்தில் காக்கைகளின் கொலை, அண்டங்காக்கைகளின் அன்பின்மை, வானம்பாடிகளின் பேருவகை, சிறுத்தைகளின் தாவல் எல்லாம் பழையவை. காண்டாமிருகங்களின் மோதல், ஃப்ளமிங்கோக்களின் பகட்டு ஆகியவை பின்னால் சேர்ந்தவை. ஆந்தைகளின் நாடாளுமன்றம் பழையதுபோல் தோன்றும். ஆனால் 1486 பட்டியலில் அது இல்லை. சாஸரின் பறவை நாடாளுமன்றக் கவிதைப் பெயரை எதிரொலித்து சி. எஸ். லூயிஸ் 1953இல் ‘தி சில்வர் சேர்’ கதையின் ஓர் அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பு அதைப் பரப்பியது. 1968இல் ஜேம்ஸ் லிப்டன் பழையவற்றைத் தொகுத்து, புதியவற்றை உருவாக்கும் ஆட்டத்தையும் தொடங்கிவைத்தார். அவர் நூலின் பெயரே வானம்பாடிகளின் பேருவகைதான். அதன்பின் வந்தவற்றுக்கு அளவில்லை. விளையாட்டாக ரசிக்கலாம், அவற்றுக்குச் ‘சரியான விடை’ என்று ஒன்று கிடையாது.

பள்ளி வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்கத்தையும் மீனையும் தேனீயையும் கேளுங்கள். கீஸ் பறக்கும்போது என்ன, தரையில் என்ன என்று கேட்டால் இன்னும் நல்லது. காக்கையை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃப்ளாக் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க எந்த நியாயமும் இல்லை.