நிலைப்பாட்டுக்கு மதிப்பெண் இல்லை

வணிக நெறிமுறைத் தேர்வில், ‘சாயக்கழிவை இரவில் நொய்யலில் திறந்துவிடலாமா?’ என்று கேட்பதில் பயனில்லை. சட்டம் விடை சொல்லிவிட்ட இடத்தில் மாணவர் யோசிக்க எதுவும் மிஞ்சாது. இரு பக்கமும் நியாயம் இருந்து, எதைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் இழப்பை ஏற்க வேண்டியிருந்தால்தான் அது நெறிச்சிக்கல். அப்படிப்பட்ட கேள்வியை எழுதி, எந்த முடிவையும் ஏற்று, வாதத்துக்கு மட்டும் மதிப்பெண் தருவது நல்ல முறைதான். ஆனால் அது எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்தப்போவதால் மூன்று மாதத்தில் 60 பேரைக் குறைக்க நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. கடைசி ஆர்டர் கப்பலேறும்வரை செய்தி வெளியே போகக் கூடாது. போனால் ஆட்கள் முன்கூட்டியே விலகுவார்கள், சரக்கு தாமதமாகும், மீதமுள்ளவர்களின் வேலைக்கும் ஆபத்து. பணியாளர் துறை மேலாளர் இதற்கு உறுதி கொடுத்திருக்கிறார். பட்டியலில் பெயருள்ள டெய்லர் ஒருவர் அவரிடம் வந்து கேட்கிறார்: “சார், வீட்டு லோனுக்கு நாளைக்குக் கையெழுத்துப் போடறேனுங்க. இங்க வேலை நிலைக்குமுங்களா?”

மிகப் பெரிய தொழிற்சாலை அல்லாத இடத்தில், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பில் நீக்க ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்கிறது சட்டம். இங்கே இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் மேலாளர் என்ன சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேள்வியின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம். பாதிக்கப்படுவோரையும் உண்மைகளையும் சரியாக அடையாளம் காண 2. காரணத்திலிருந்து முடிவுக்கு இடைவெளியில்லாமல் நகர 3. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எதிர்கொள்ள 3. நாளை காலை செய்யப்போவதையும் அதன் விலையையும் சொல்ல 2. ‘சொல்லலாம்’, ‘சொல்லக் கூடாது’ என்ற முடிவுக்கு எதுவும் இல்லை.

இதன் பலம், ஆசிரியரின் மனதை ஊகிக்கும் பழக்கத்தை இது உடைப்பதுதான். ‘உண்மையே பேச வேண்டும், அதனால் சொல்வேன்’ என்று நிறுத்துபவர் நல்லவராகத் தெரியலாம். ஆனால் மற்ற 59 பேரை மறந்ததால் மூன்றைத் தாண்ட மாட்டார். ‘சொல்ல மாட்டேன், ஆனால் வேலை நிலைக்கும் என்று பொய்யும் சொல்ல மாட்டேன். அவர் கடனில் சிக்கினால் அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு’ என்று எழுதி, அதற்கான காரணத்தையும் விளக்குபவர் எட்டு வாங்கலாம்.

பலவீனங்களில் முதலாவது, திருத்துபவரின் சாய்வு. தனக்குப் பிடித்த முடிவைப் படிக்கும்போது வாதமும் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். இரு தரப்பு விடைகளின் சராசரியை ஒப்பிட்டால் இது பிடிபடாது. நன்றாக எழுதுபவர்களே ஒரு பக்கம் குவிந்திருக்கலாம். நம்பகமான சோதனை வேறு. ஒரே தரத்தில், எதிரெதிர் முடிவுகளோடு இரண்டு மாதிரி விடைகளை எழுதி, திருத்தத்துக்கு முன் எல்லோரிடமும் கொடுக்க வேண்டும். ஒருவர் தரும் மதிப்பெண்கள் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால், அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இரண்டாவது, தப்பிக்கும் பதில். ‘மேலதிகாரியிடம் அனுமதி பெற்றுப் பிறகு சொல்வேன்’ என்று பலரும் நழுவுவார்கள். எல்லாக் கதவையும் அடைத்தால் கேள்வி செயற்கையாகிவிடும். நிஜத்தில் மூன்றாவது வழியைத் தேடுவதும் திறமைதானே. அதனால் அந்த வழியை அனுமதித்து, ‘அனுமதி மறுக்கப்பட்டால்?’ என்பதற்கும் விடை கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி 2 மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது, ‘மறுபக்கம் பார்த்தால்’ என்று சடங்குக்கு ஒரு பத்தி சேர்க்கும் பழக்கம். எதிர்வாதம் முடிவில் எதையாவது மாற்ற வேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்று காட்ட வேண்டும். இந்த நிபந்தனை வழிகாட்டியில் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த 3 மதிப்பெண் இலவசமாகப் போய்விடும்.

எல்லா நிலைப்பாட்டையும் ஏற்பது எல்லாக் காரணத்தையும் ஏற்பதாகாது. ‘பட்டியலில் உள்ள மற்றவர்கள் வடமாநிலத்துக்காரர்கள்தானே, ஊருக்குப் போய்விடுவார்கள்’ என்பது மனிதர்களைக் கணக்கிலிருந்தே நீக்கும் காரணம். எந்த முடிவைத் தாங்கி வந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மொத்தத்தில், ஒரே ‘சரியான விடை’யை வைத்துத் திருத்துவதைவிட இந்த முறை நேர்மையானது, உழைப்பும் அதிகம் கேட்பது. எதிரெதிர் முடிவுகளுக்கு முழு மதிப்பெண் வாங்கும் இரண்டு விடைகளைத் தன் கையால் எழுத முடியாத ஆசிரியர், அந்தக் கேள்வியைத் தாளில் சேர்க்காமலிருப்பதே நல்லது.