நிற்கத் தெரிந்த கை

ஏர்பேடு வட்டார மின்னணுத் தொழிற்பூங்கா போன்ற ஓரிடத்தில், ஆளருகே திருகு முடுக்கும் ரோபோக் கையின் அழகு அதன் வேகத்தில் இல்லை, நிற்கும் விதத்தில்தான் இருக்கிறது. கணுக்கால் உயரத்தில் லேசர் ஸ்கேனர் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் தரையைத் துழாவுகிறது. எச்சரிக்கை வளையத்தில் ஒரு கால் பட்டதும் மோட்டாரின் ரீங்காரம் தணிகிறது. உள்வளையத்தில் பட்டால் கை அசையாமல் நின்றுவிடுகிறது.

அந்த உள்வளையம் குத்துமதிப்பல்ல. மனிதர் நொடிக்கு 1.6 மீட்டர் நடப்பதாகக் கொள்வார்கள். ஸ்கேனர் உணர்ந்து கை நிற்க அரை நொடி என்றால் 0.8 மீட்டர், 20 செ.மீ. உயரக் கதிருக்குமேல் நீளும் மனிதக் கைக்கு 1.12, அளவீட்டுப் பிழைக்கு 0.1. ஆக, சுமார் 2 மீட்டர். இது உற்பத்தியைக் குறைக்காதா? ஆளில்லாதபோது முழு வேகம் கிடைக்கிறதே! விசை வரம்பு மட்டும் போதாதா என்றும் கேட்கலாம். விரல் நசுங்கும்போது தாங்கக்கூடியதாக ஐ.எஸ்.ஓ. 2016இல் தந்த வரம்பு 140 நியூட்டன், முகத்துக்கு 65தான். அதே விசை மழுங்கிய விளிம்பில் வெறும் அழுத்தம், திருப்புளி முனையிலோ காயம். அதனால்தான் கூர்முனை பூட்டிய கைக்கு வளையமும் வேண்டும். கருவியோ சுமையோ மாறினால் நிற்கும் நேரத்தை மறுபடி அளந்தாக வேண்டும்.