கெடு தாண்டிய மனுவின் கதி

கர்நாடகத்தில் 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, அரசுச் சேவைகளைக் குறித்த கெடுவுக்குள் வழங்குவதற்கான சகாலா திட்டத்தில், மனு பதிவானதும் 15 இலக்க எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அந்த எண்ணை வைத்து, மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கெடு தவறினால் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் ஈட்டுத்தொகையும் உண்டு. "நாளைக்கு வாங்க" என்ற பதிலை எதிர்கொள்ள, கெடுத் தேதி போட்ட சீட்டு ஒன்று மனுதாரர் கையில் இருப்பது பெரிய பலம். அந்த அளவில் இந்தக் கண்காணிப்பு முறையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

ஆனால் அதே கண்காணிப்பு தரும் எண்களைக் கொண்டு அலுவலகத்தின் திறமையை அளக்கும்போது கணக்கு பிசகுகிறது. 21 நாள் கெடு உள்ள ஒரு சான்றிதழை எடுத்துக்கொள்வோம். மேசையில் இரண்டு கோப்புகள்: ஒன்றுக்கு இன்று 20ஆம் நாள், மற்றதற்கு 40ஆம் நாள். இன்று ஒன்றை மட்டுமே முடிக்க முடியும். "கெடுவுக்குள் முடித்தவை இத்தனை சதவீதம்" என்பதே மதிப்பெண் என்றால், அலுவலர் முதல் கோப்பைத்தான் எடுப்பார். இரண்டாவது ஏற்கெனவே தவறியவற்றில் சேர்ந்துவிட்டது. இன்று முடித்தாலும் மதிப்பெண் உயராது. நாளையும் இதே கதைதான். ஈட்டுத்தொகையின் அழுத்தமும் 25 நாளில் உச்சவரம்பைத் தொட்டு, 46ஆம் நாளுக்குப் பிறகு வளராமல் நின்றுவிடும். அதன்பின் அந்த மனுவை முடிக்கச் சொல்லி உந்த இந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது. யாருக்கு அதிகம் தாமதமானதோ அவரைத்தான் இந்த அளவுகோல் முதலில் கைவிடுகிறது.

நிராகரிப்பும் முடித்துவைத்ததாகவே எண்ணப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். கெடுவுக்கு முந்தைய ஓரிரு நாளில் நிராகரிப்புகள் குவிகின்றனவா என்று பார்த்தால், அவசரத்தில் தள்ளிவிடப்பட்ட மனுக்கள் தெரிந்துவிடும். பதிவுக்கு முன்னரே "இந்தத் தாளும் கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. மனுவோடு இணைத்த உறுதிமொழிப் பத்திரங்களின் தேதி, பதிவுத் தேதிக்குப் பல வாரங்கள் முந்தியதாகத் தொடர்ந்து இருந்தால், அங்கே அப்படி நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஆகவே என் முடிவு: மனுதாரருக்கான கருவியாக இது தேறுகிறது, இந்தச் சதவீதக் கணக்கோடு அலுவலகத்தை எடைபோடும் கருவியாகத் தேறவில்லை. தேற வேண்டுமானால், கெடு தாண்டிய மனுக்கள் ஒவ்வொன்றின் வயதும் பழையது முதலாக, அவை நிற்கும் மேசையின் பெயரோடு தினமும் பட்டியலாக வெளிவர வேண்டும். நிராகரிப்புக்குத் தனிப் பத்தியும், அதில் காரணமும் இருக்க வேண்டும். அலுவலக மதிப்பெண்ணில் பாதியையாவது, நிலுவையில் உள்ள மிகப் பழைய மனுவின் வயது தீர்மானிக்கட்டும். அப்போது 40ஆம் நாள் கோப்பை இன்று எடுப்பதற்கும் அலுவலருக்கு ஒரு காரணம் இருக்கும்.