ஆலப்புழைப் படகு வீடு: ஓடும் நேரமும் நிற்கும் நேரமும்

ஆலப்புழையில் படகு வீட்டை ஒரு நாளுக்கு எடுத்தால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 21 மணி நேரம். பகல் 12 மணிக்கு ஏறுகிறோம், மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குகிறோம். இந்த 21 மணி நேரத்தில் படகு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பலர் இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ஏறியதும் ஒரு மணி நேரம் ஓடும். மதியச் சாப்பாட்டுக்குக் கரையோரம் கட்டுவார்கள். பிறகு மாலை ஐந்தரை வரை ஓட்டம். அத்துடன் அன்றைய பயணம் முடிந்தது. மறுநாள் காலைச் சிற்றுண்டி முடிந்து துறைக்குத் திரும்ப ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. மிச்சமுள்ள பதினாறு மணி நேரமும் படகு கரையில் கட்டிக் கிடக்கிறது.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் காயல் மீனவர்களுடையது. இருட்டியதும் அவர்கள் வலை விரிக்கிறார்கள். பெரிய படகுகள் குறுக்கே போனால் வலை கிழியும், பிழைப்பு கெடும். அதனால்தான் மாலையில் படகு வீடுகள் ஒதுங்கிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. நியாயமான ஏற்பாடு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இதை உல்லாசப் பயணம் என்று விற்கிறார்கள், நாமும் அப்படியே நம்பி ஏறுகிறோம். உண்மையில் இது தண்ணீர்மேல் ஒரு தங்கல், நடுவே சிறிது பயணம். இந்த ஏற்பாட்டின் நிறையும் குறையும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் நிறை. குட்டநாட்டின் நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காட்ட மெதுவாகப் போகும் உயரமான படகுக்கு இணை இல்லை. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வந்து சேரும் வேம்பநாட்டுக் காயலின் ஓரத்தில், நீரை வரப்பு கட்டித் தடுத்து மீட்ட வயல்கள்தான் குட்டநாடு. சில இடங்களில் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே நெல் விளைகிறது. இந்த வேளாண் முறையை 2013-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. படகின் முன்தளத்தில் உட்கார்ந்தால் இது கண்ணெதிரே விரிகிறது. நாம் போகும் கால்வாய், அதை ஒட்டி ஒரு கரை, கரையின்மேல் வரிசையாக வீடுகள், தென்னைகள். வீடுகளுக்கு இடையே தெரியும் வயல் நம் படகு மிதக்கும் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. காரில் போகிறவருக்கும் ரயிலில் போகிறவருக்கும் இந்த வித்தியாசம் புரிவதில்லை.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்துக் காட்சியும் மாறும். மழை ஓய்ந்த பிறகு, நெல் சாகுபடிக்காக வயலில் தேங்கிய நீரைக் கரைதாண்டிக் கால்வாய்க்குள் இறைக்கிறார்கள். 'பெட்டியும் பறையும்' என்று இங்கே சொல்லும் மரப்பெட்டி இறைப்பொறியிலிருந்து நீர் வெள்ளமாகக் கொட்டுவதைச் சில இடங்களில் பார்க்கலாம். ஜனவரியில் வயல் முழுக்கப் பச்சை. மார்ச் வாக்கில் அறுவடை, நெல் மூட்டைகள் வள்ளங்களில் ஏறும். முன்பு இந்த நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோனவை கெட்டுவள்ளங்கள்: ஆணி அடிக்காமல், ஆயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. சாலைகள் வந்து அந்தத் தொழில் ஓய்ந்த பிறகு, 1990-களில் அந்த வள்ளங்களுக்கு அறையும் கூரையும் வைத்துப் படகு வீடாக்கினார்கள். இன்று ஓடுபவற்றில் பல, தொடக்கத்திலேயே விடுதியாகக் கட்டப்பட்டவை.

அடுத்து குறைகள். முதல் குறை, படகின் உடம்பே. பெரிய படகு வீடு அகலமான கால்வாயிலும் காயலிலும்தான் போக முடியும். குட்டநாட்டின் வாழ்க்கை நடப்பது தோடு என்று இங்கே சொல்லும் சிறு வாய்க்கால்களில், மரப்பாலங்களுக்கு அடியில். அங்கே நுழையத் துடுப்பு வள்ளமோ சிறு ஷிகாரா படகோ வேண்டும். படகு வீட்டில் மட்டும் தங்கித் திரும்புகிறவர், ஊரைத் தெருமுனையிலிருந்து பார்த்தவர்தான்.

இரண்டாவது குறை, இரவு. படகை எங்கே கட்டுகிறார்கள் என்பதுதான் அந்த இரவைத் தீர்மானிக்கிறது. புன்னமடை போன்ற நெரிசலான பகுதியில் படகுகள் பக்கத்துக்குப் பக்கம் நிற்கும்போது ஒவ்வொன்றின் ஜெனரேட்டரும் உறுமும். டீசல் புகை அடுத்த படகின் அறைக்குள் வரும். சாதாரணப் படகுகளில் ஏ.சி. இரவு 9 மணிமுதல் காலை 6 வரைதான் ஓடும். அந்த ஒன்பது மணி நேரமும் இந்த உறுமல் இருக்கும் என்று கொள்ளலாம். இதே படகு ஒரு கிராமத்துக் கரையில் தனியாக நின்று, கரையிலிருந்தே மின் இணைப்பு எடுத்துக்கொண்டால் அந்த இரவே வேறு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் அவசியம்: இரவு எங்கே கட்டுவீர்கள்? மின்சாரம் கரையிலிருந்தா, ஜெனரேட்டரிலிருந்தா? படுக்கையறையின் படத்தைவிட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது குறை நம்மைத் தாண்டியது. சமையலறைத் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் எங்கே போகின்றன? முறைப்படி படகில் கழிவுத் தொட்டி இருக்க வேண்டும், அதைக் கரையில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு உறிஞ்சி எடுக்க வேண்டும். எல்லாப் படகுகளும் அப்படிச் செய்வதில்லை. இதைப் பருவமும் மோசமாக்குகிறது. உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை டிசம்பர் வாக்கில் மூடிக் கோடையில் திறக்கிறார்கள். மூடிய மாதங்களில் அணைக்குத் தெற்கே உள்ள காயலை ஓதம் ஏறி இறங்கி அலசுவதில்லை. உப்பு ஏறாததால் ஆகாயத்தாமரையும் செழிக்கிறது. சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் இதே மாதங்களில்தான். கரையில் வாழ்பவர் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் இந்தத் தண்ணீரில். சுற்றிலும் நீர் நிறைந்த குட்டநாட்டில் குடிநீருக்குத் தட்டுப்பாடு என்பது பழைய துயரம். கழிவு எப்படி அகற்றப்படுகிறது என்று படகுக்காரரிடம் கேட்பது விருந்தினரின் உரிமை, கடமையும்கூட. கேரளச் சுற்றுலாத் துறை படகுகளுக்குத் தரும் தரச்சான்றுகளில் சுற்றுச்சூழலைப் பேணுவதற்கென்றே 'கிரீன் பாம்' என்ற சான்று உண்டு. அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றை எடைபோட்டால் என் முடிவு இது: படகு வீட்டில் ஒரே ஓர் இரவு போதும், ஆனால் அந்த ஓர் இரவுக்கு முன் ஓர் இரவு கரையில் தங்க வேண்டும். ஒரே படகில் இரண்டாவது இரவு பெரும்பாலும் அதே கால்வாய்களையே திரும்பக் காட்டும். ஆலப்புழையில் ஏறிக் குமரகத்தில் இறங்குவது போன்ற வழி அமைந்தால் மட்டும் இரண்டு இரவு பொருள்படும்.

வயதான பெற்றோருடன் சென்னையிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு இந்த ஏற்பாட்டைப் பொருத்திப் பார்ப்போம். இரவில் புறப்படும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் வந்து சேர்கிறது. அன்றே 12 மணிக்குப் படகு ஏறலாம் என்று தோன்றும். ஏறக் கூடாது. ரயில் தாமதமானால் குறைவது படகு ஓடும் நேரம்தான். சரியான நேரத்துக்கு வந்தாலும், அலுப்பில் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் ஓட்டத்தின் பாதி தூக்கத்தில் போய்விடும். முதல் நாள் கைனகரி, நெடுமுடி பக்கம் கரையோர வீடொன்றில் தங்குங்கள். மாலையில் மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கட்டணம் மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வரும் அம்மாக்களும் படித்துறைக்குப் படித்துறை ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

இரண்டாம் நாள் பகல் 12 மணிக்குப் படகு வீடு. ஏறும் பலகை ஒடுக்கமாக இருக்கும், பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள். உயிர்காப்புச் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று ஏறியவுடன் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டை ஒரு மணிக்கே முடித்து இரண்டு மணிக்குள் கிளம்பச் சொல்லுங்கள். படகோட்டியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: விரிந்த காயலை முதலில் முடித்துவிட்டு, நான்கு மணிக்குமேல் கால்வாய்க்குள் வரட்டும். நடுப்பகல் வெயிலில் காயல் வெறும் வெள்ளைப் பரப்பு. மாலையில் கரைகளில் ஆளும் பேச்சுமாக இருக்கும். வழியில் மீன் கடையில் நிறுத்தி இறால் வாங்கச் சொல்வார்கள். விலையைக் கேட்டு வாங்குங்கள், வாங்காமலும் போகலாம். கரிமீன் பொள்ளிச்சது எப்படியும் பெரும்பாலும் சாப்பாட்டிலேயே வந்துவிடும்.

ஐந்தரைக்குப் படகைக் கட்டியதும் உள்ளே முடங்க வேண்டாம். இருட்டுவதற்குள் வரப்பின்மேல் அரை மணி நேரம் நடந்தால் வயலின் தாழ்வு காலுக்கே தெரியும். அந்த வரப்பு அங்குள்ளவர்களின் தெருவும் முற்றமும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்தில் அறைக் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டால் கொசுத் தொல்லை பாதி குறையும்.

காலை ஆறு முதல் ஏழரைவரைதான் இந்தத் தங்கலின் சிறந்த பகுதி. படகு வீடு அப்போது நகராது. அதனால் முந்தைய மாலையே ஒரு துடுப்பு வள்ளத்தை விடியலுக்கு வரச் சொல்லி வையுங்கள். பெரிய படகு நுழைய முடியாத தோடுகளை அது காட்டிவிடும். முதல் குறைக்கு இதுவே மருந்து. திரும்பி வந்து சிற்றுண்டி, பிறகு துறை. ஒன்பது மணிக்கு இறங்கிய பின் அம்பலப்புழைக் கோயிலுக்குப் போய்வர நேரம் கிடைக்கும்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் மூன்று வேலைகளும் மூன்று படகுகளுக்குப் போகின்றன: ஊரைக் காட்டப் பயணிகள் படகு, தோட்டைக் காட்டத் துடுப்பு வள்ளம், ஓய்வுக்குப் படகு வீடு. எல்லாவற்றையும் படகு வீட்டிடமே எதிர்பார்க்கிறவர் அது நிற்கும் பதினாறு மணி நேரத்தை இழப்பாக எண்ணுவார். நிற்கத்தான் போகிறோம் என்று தெரிந்து, நல்ல கரையைக் கேட்டு வாங்கியவருக்கு அந்தப் பதினாறு மணி நேரமே கொடுத்த பணத்துக்கு ஈடு.