சடாயு சொல்லாமல் விட்டது

பெரியபட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் சேதுக்கரை. அதற்குச் சற்று உள்ளே இருக்கும் திருப்புல்லாணியில் இராமன் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறான், கடலரசன் வழிவிடட்டும் என்று. இந்தக் கரைக்கு அவனை ஒரே ஆள் கூட்டிவந்து சேர்த்திருக்க முடியும். அந்த ஆள் காட்டிலேயே செத்துப்போனான்.

சடாயு தசரதனின் நண்பன், இராமனுக்குத் தந்தை முறை. சீதைக்குக் காவலிருப்பதாக வாக்குக் கொடுத்தவன். வால்மீகியில், சிறகு வெட்டுண்டு கிடக்கும் அவன் இராவணன் தெற்கே போனதைச் சொல்கிறான். இராவணன் விச்ரவசுவின் மகன், குபேரனின் தம்பி என்பதையும் சொல்கிறான். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஊர்ப்பெயர் வெளிவருவதற்குள் உயிர் போய்விடுகிறது.

கதாசிரியன் வேண்டுமென்றே செய்த கஞ்சத்தனம் இது. சடாயு பிழைத்திருந்தால் பறந்து போய் இலங்கையைப் பார்த்துவிட்டு வந்திருப்பான். பிறகு சுக்கிரீவன் எதற்கு, அனுமன் எதற்கு? கிட்கிந்தா காண்டத்தில் பாதி தேவையில்லாமல் போயிருக்கும். அவன் செத்ததால் ஒரு வாய் சொல்லியிருக்க வேண்டியது பல வாய்களுக்குப் பிரிகிறது. கபந்தன் சுக்கிரீவனைக் கைகாட்டுகிறான். தென்கடல் ஓரத்தில் சம்பாதி, இலங்கை நூறு யோசனை தூரம் என்கிறான்.

சம்பாதி சடாயுவின் அண்ணன், அவனும் கழுகு. அவனைக் கொல்லவில்லை. வெயிலில் சிறகு கருகிய கிழவனாக வைத்திருக்கிறார்கள்: பார்த்துச் சொல்லலாம், போக முடியாது. சேதி சொல்லி முடித்த பிறகே சிறகு திரும்ப முளைக்கிறது. விசுவாமித்திரரோ கல்யாணம் முடிந்த கையோடு இமயத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார். ஆக, குருவைச் சாகடித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை. நாயகன் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துவிடாதபடி நகர்த்தினால் போதும்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) எடுக்கும்போது ஜார்ஜ் லூகாஸுக்கும் இதே சிக்கல்தான். திரைக்கதையில் கிழவர் ஓபி-வான் உயிரோடு தப்பிவிடுகிறார். ஆனால் அதன் பிறகு படத்தில் அவருக்கு வேலையே இல்லை. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு லூகாஸ் அவரைச் சாகடிக்க முடிவெடுத்தார். அவராக நடித்த அலெக் கின்னஸுக்கு அதில் மனத்தாங்கல்.

சாவுக்கு இன்னொரு பலனும் உண்டு. 'தேவர் மகன்' (1992) படத்தில் பெரிய தேவர் உயிரோடு இருக்கும்வரை மகன் சக்தி அவரோடு வாதாடலாம், ஊரைவிட்டுக் கிளம்பலாம். செத்தவரோடு வாதாட முடியாது. அவர் சொன்னது கடனாகிவிடுகிறது. உணவகம் தொடங்கும் ஆசை போகிறது, காதலித்தவளைக் கைப்பிடிப்பதும் நடக்கவில்லை. அந்தச் சாவு நடந்திருக்காவிட்டால் படத்தின் பின்பாதியில் ஒரு காட்சிகூட அப்படியே நின்றிருக்காது. பல படங்களில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டதும் நாயகன் முன்பு செய்துகொண்டிருந்ததையே இன்னும் கொஞ்சம் கோபமாகச் செய்கிறான். அங்கே செத்தவர் வீணாகத்தான் செத்தார்.