ஒன்பது வயசுப் பெட்டியில் தோர் வந்து இறங்கியபோது

பிஎஸ்4 வெளியானது 2013 நவம்பர். ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ வந்தது 2022 நவம்பர். நடுவில் ஒன்பது வருஷம்! பிஎஸ்5 கடைக்கு வந்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்தக் கிழட்டுப் பெட்டி தாங்குமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டுதான் கேமைப் போட்டேன்.

அப்படியே கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கொட்டுகிற பனியில் தோரும் க்ராடோஸும் மோதுகிறார்கள், இவன் கோடரியை வீச அவன் சுத்தியலை வீச, இரண்டும் நடுவானில் முட்டிக்கொள்ள, மின்னல் அப்படியே பனிக்கட்டியாக உறைந்து நிற்கிறது! சோபாவிலிருந்து எழுந்து கத்தியேவிட்டேன், வீட்டில் எல்லாரும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள், எனக்கு வெட்கமே இல்லை. 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், அவ்வளவுதான். ஆனால் தாடியில் ஒட்டின பனி வரைக்கும் தெரிந்தது!

எப்படி முடிந்தது தெரியுமா? பிஎஸ்3-ல் மெமரி மொத்தமே 512 எம்பி. பிஎஸ்4-ல் ஒரே தாவலாக 8 ஜிபி வைத்துவிட்டார்கள். படத்துக்கு அந்தத் தீனி வருஷக்கணக்கில் போதும். ப்ராசஸரும் ஹார்டு டிஸ்க்கும்தான் முதலில் மூச்சு வாங்கும். அதற்கும் கேம் செய்தவர்கள் வைத்திருக்கிற வித்தை இருக்கிறதே, அடடா! கதை முழுக்க கேமரா ஒரு தடவைகூட வெட்டுவதில்லை, லோடிங் திரை காட்டவே முடியாது, அதனால் க்ராடோஸை ஒரு பாறை இடுக்கில் நுழையவிடுகிறார்கள், நாம் ஸ்டிக்கை அழுத்திப் பிடித்திருக்க அவன் தோளை ஒடுக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்கிறான், அந்தச் சில நொடியில் டிஸ்க் அடுத்த இடத்தை அவசர அவசரமாக வாசித்து முடித்துவிடுகிறது, நமக்கோ ஒன்றுமே தெரிவதில்லை! பிஎஸ்5-ல் ஆடுகிறவர்களும் அதே இடுக்கில்தான் நுழைகிறார்கள், ஹஹா!

எல்லா கேமுக்கும் இந்த யோகம் இல்லைதான். ‘சைபர்பங்க் 2077’ ஏழு வருஷம் ஆனபோதே, 2020 டிசம்பரில், பிஎஸ்4-ல் தடுமாறியது. சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து ஆறு மாதம் எடுத்தே வைத்திருந்தது. ஜனமும் காருமாக நெரிகிற நகரத்தில் வண்டியை விரட்டினால் நுழைய இடுக்கு ஏது, டிஸ்க் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் உலகம்விட்டு உலகம் பாய்கிற ‘ராட்செட் & கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ பிஎஸ்4 பக்கமே வரவில்லை. ஆக, பெட்டிக்கு வயசாவதைப் படத்தில் தேடாதீர்கள்; சுவரும் தரையும் முதலில் மொழுக்கென்று வந்து பிறகு தெளிகிறதா, கூட்டம் சேர்ந்தால் இழுக்கிறதா, அதைப் பாருங்கள்.

என் பெட்டியில் அதெல்லாம் ஒன்றும் உறுத்தவில்லை. ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி இரைந்தது. இரையட்டுமே, டிவி வால்யூமை நாலு புள்ளி ஏற்றிவிட்டு தோரை இன்னொரு கை பார்க்கப் போய்விட்டேன்!